பென்சில் எண்ணும் மை எண்ணும்: விரைவான வழியைத் தாளிற் கண்டறியும் முறை

ஓர் ஊரிலிருந்து பட்டினத்து வைத்தியசாலைக்கு நோயாளி ஒருவரைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. "பிரதான வீதியாலே போங்கோ, அதுதான் நேர்வழி" என்பார் ஒருவர். "பாடசாலைப் பக்கத்தால் விட்டால் கெதியாய்ப் போகலாம்" என்பார் இன்னொருவர். இருவரும் பல தடவை போய்வந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தாம் பழகிய வழியை மட்டுமே அறிவர். முச்சக்கர வண்டி வாசலில் நிற்கும்போது இந்த விவாதத்தைத் தொடங்கினால் இழப்பது நோயாளியின் நேரத்தையே. பகலில் நாலு பேர் ஆறுதலாக அமர்ந்து, ஒரு தாளும் பென்சிலும் பேனையும் கொண்டு இதைத் தீர்த்து வைத்துவிடலாம். அதற்கு ஒழுங்கான முறை ஒன்று உண்டு. கூட்டல் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். அந்த முறையையும், அது ஏன் தவறாது என்பதையும் இக்கட்டுரையிற் பார்ப்போம்.

படத்தை வரைதல்

விளக்கத்துக்காகக் கற்பனையான ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வாசகர்கள் ஒரு தாளை எடுத்து நம்முடன் சேர்ந்து வரைந்துகொண்டு வந்தால் மிக இலகுவாக விளங்கும்.

தாளின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு 'ஊர்' என்று எழுதுங்கள். அதற்கு வலப்புறம் மேலே 'குளக்கட்டு', கீழே 'ஆலடி'. இன்னும் வலப்புறம் மேலே 'பாடசாலை', கீழே 'பாலம்'. அதற்கும் அப்பால் மேலே 'சந்தி'. வலது ஓரத்தில் 'வைத்தியசாலை'. மொத்தம் ஏழு வட்டங்கள்.

இனி வீதிகளைக் கோடுகளாக வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் முச்சக்கர வண்டியில் அதைக் கடக்க எத்தனை நிமிடம் செல்லும் என்பதை எழுதுவோம்.

ஊர் – குளக்கட்டு: 4
ஊர் – ஆலடி: 6
குளக்கட்டு – ஆலடி: 5
குளக்கட்டு – பாடசாலை: 13
ஆலடி – பாடசாலை: 8
ஆலடி – பாலம்: 9
பாடசாலை – பாலம்: 3
பாடசாலை – சந்தி: 6
பாலம் – சந்தி: 7
பாலம் – வைத்தியசாலை: 13
சந்தி – வைத்தியசாலை: 5

பதினொரு கோடுகள். போகவும் வரவும் ஒரே நேரமே எடுக்கும் என இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். படத்தின் வடிவம் சரியாக அமைய வேண்டியதில்லை. கோடு நீளமாக இருக்கிறதா கட்டையாக இருக்கிறதா என்பதற்கு எவ்வித பொருளும் இல்லை. எந்த வட்டம் எந்த வட்டத்துடன் தொடுக்கப்பட்டுள்ளது, கோட்டின் மேல் உள்ள எண் என்ன என்ற இரண்டு மட்டுமே கணக்கில் வரும். இத்தகைய படத்தைக் கணிதத்தில் 'நிறையிட்ட வரைபு' என்பர். கோட்டின் மேல் உள்ள எண்ணே அதன் நிறை.

வழக்கமாகச் செய்யும் இரண்டு காரியங்கள்

படத்தைப் பார்த்ததும் பலர் செய்வது இரண்டு காரியங்கள். முதலாவது, குறைந்த துண்டுகளைக் கொண்ட வழியைத் தேர்ந்தெடுப்பது. ஊர், ஆலடி, பாலம், வைத்தியசாலை என்று மூன்றே துண்டுகளிற் போய்விடலாம். 6, 9, 13 ஆகியவற்றைக் கூட்டினால் 28 நிமிடம். இதுதான் முன்னர் சொன்ன 'பிரதான வீதி'.

இரண்டாவது, ஒவ்வோர் இடத்திலும் நின்று அடுத்து மிகக் கிட்டவுள்ள இடத்துக்குப் போவது. ஊரிலிருந்து கிட்டவுள்ளது குளக்கட்டு, 4. அங்கிருந்து கிட்டவுள்ளது ஆலடி, 5. பிறகு பாடசாலை, 8. பிறகு பாலம், 3. பிறகு சந்தி, 7. கடைசியாக வைத்தியசாலை, 5. கூட்டினால் 32 நிமிடம். ஒவ்வோர் அடியிலும் மிகச் சிறிய எண்ணையே எடுத்திருக்கிறோம். ஆனால் முழு வழியும் பிரதான வீதியிலும் மோசமாகிவிட்டது.

எல்லா வழிகளையும் எழுதி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். ஓர் இடத்தை இருமுறை மிதிக்காமல் ஊரிலிருந்து வைத்தியசாலைக்குப் போகும் வழிகள் இந்தச் சிறு படத்திலேயே 24 இருக்கின்றன. பொறுமையிருந்தால் எழுதலாம். ஆனால் ஒன்று விடுபட்டுவிட்டால் அது விடுபட்டது என்பதைக் காட்ட எந்த அடையாளமும் இராது. வட்டங்கள் பதினைந்து, இருபது என்று கூடினால் வழிகளின் தொகை கைக்கு அடங்காமற் போய்விடும். நாம் பார்க்கப்போகும் முறையில் 24 வழிகளையும் எழுத வேண்டியதில்லை. ஏழு வட்டங்களையும் ஒவ்வொரு தடவை தீர்மானித்தாற் போதும்.

முறை

ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் ஓர் எண் எழுதப்போகிறோம். அந்த எண், ஊரிலிருந்து அவ்விடத்துக்கு வந்துசேர எடுக்கும் மொத்த நிமிடம். அதை முதலிற் பென்சிலால் எழுதுவோம். பென்சில் எண் என்றால் 'இதுவரை கண்டதிற் சிறந்தது, இன்னும் குறையக்கூடும்' என்று பொருள். இனிக் குறைய இடமில்லை என்று உறுதியானதும் அதன் மேல் பேனையால் எழுதிவிடுவோம். மையால் எழுதிய எண் பிறகு மாறாது. எண்ணின் அருகே 'எங்கிருந்து வந்தது' என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவில் நிமிடம் தெரியும், வழி தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவே:

1. புறப்படும் இடத்துக்கு 0 என்று எழுதுங்கள்.
2. பென்சில் எண் உள்ள வட்டங்களில் மிகச் சிறிய எண் உள்ளதைத் தெரிந்து, அதை மையாக்குங்கள்.
3. அந்த வட்டத்திலிருந்து, இன்னும் மையாகாத வட்டங்களுக்குப் போகும் ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். மை எண்ணுடன் கோட்டின் எண்ணைக் கூட்டுங்கள். மறுமுனையில் எண் ஒன்றும் இல்லாவிட்டால் இதை எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள எண்ணிலும் இது சிறிதாயின் பழையதை வெட்டிவிட்டுப் புதியதை எழுதுங்கள். சிறிதல்லாவிட்டால் பழையதை அப்படியே விடுங்கள்.
4. சேரவேண்டிய இடம் மையாகும்வரை இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

இனி நமது படத்திற் செய்து பார்ப்போம்.

ஊருக்கு 0 என எழுதி மையாக்குகிறோம். அங்கிருந்து குளக்கட்டுக்கு 4, ஆலடிக்கு 6 எனப் பென்சிலால் எழுதுகிறோம். இரண்டும் ஊரிலிருந்து வந்தவை.

பென்சில் எண்களிற் சிறியது குளக்கட்டின் 4. அதை மையாக்குகிறோம். குளக்கட்டிலிருந்து ஆலடிக்கு 4 + 5 = 9. ஆலடியில் ஏற்கெனவே 6 இருக்கிறது. 9 பெரியதாகையால் மாற்றம் இல்லை. பாடசாலைக்கு 4 + 13 = 17. அங்கே எண் எதுவும் இல்லை, எனவே '17, குளக்கட்டிலிருந்து' என எழுதுகிறோம்.

இப்போது பென்சிலில் இருப்பவை ஆலடி 6, பாடசாலை 17. ஆலடியை மையாக்குகிறோம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் கடைசியாக நின்றது குளக்கட்டில். அங்கிருந்து நடந்து ஆலடிக்கு வரவில்லை. ஊரிலிருந்து நேரே வந்த 6 என்ற எண்ணைத்தான் மையாக்கினோம். இந்த முறையில் வண்டி ஒரே பாதையில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்கக்கூடாது. ஊரில் ஊற்றிய தண்ணீர் எல்லா வழிகளாலும் ஒரே வேகத்தில் பரவுவதாக நினைப்பதே பொருத்தம். தண்ணீர் எந்த இடத்தை அடுத்து எட்டுகிறதோ அதை மையாக்குகிறோம்.

ஆலடியிலிருந்து பாடசாலைக்கு 6 + 8 = 14. அங்கிருந்த 17 ஐ வெட்டிவிட்டு '14, ஆலடியிலிருந்து' என்று எழுதுகிறோம். பாலத்துக்கு 6 + 9 = 15.

அடுத்துச் சிறியது பாடசாலையின் 14. அதை மையாக்குகிறோம். அங்கிருந்து பாலத்துக்கு 17. அங்கே 15 இருப்பதால் மாற்றம் இல்லை. சந்திக்கு 14 + 6 = 20, புதிதாக எழுதுகிறோம்.

அடுத்தது பாலம், 15. மையாக்குகிறோம். அங்கிருந்து சந்திக்கு 22. அங்கே 20 இருப்பதால் மாற்றம் இல்லை. வைத்தியசாலைக்கு 15 + 13 = 28.

வைத்தியசாலைக்கு எண் வந்துவிட்டது. இவ்விடத்தில்தான் பலர் பேனையை மூடிவிடுகிறார்கள். ஆனால் 28 இன்னும் பென்சில் எண்தான். சந்தியில் 20 என்ற சிறிய எண் காத்திருக்கிறது. எனவே சந்தியை மையாக்குகிறோம். அங்கிருந்து வைத்தியசாலைக்கு 20 + 5 = 25. 28 ஐ வெட்டி '25, சந்தியிலிருந்து' என எழுதுகிறோம்.

எஞ்சியிருப்பது வைத்தியசாலை மட்டுமே. 25 ஐ மையாக்கி முடிக்கிறோம்.

வழியை அறியப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். வைத்தியசாலைக்கு வந்தது சந்தியிலிருந்து. சந்திக்குப் பாடசாலையிலிருந்து. பாடசாலைக்கு ஆலடியிலிருந்து. ஆலடிக்கு ஊரிலிருந்து. ஆகவே ஊர், ஆலடி, பாடசாலை, சந்தி, வைத்தியசாலை. 6, 8, 6, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 25. பிரதான வீதியிலும் 3 நிமிடம் குறைவு. எஞ்சிய 23 வழிகளில் எதுவும் இதனிலும் குறைந்ததாக இராது.

மை எண் ஏன் மாறாது?

'எஞ்சிய 23 வழிகளையும் பாராமல் எப்படி உறுதியாகச் சொல்லலாம்?' என்ற கேள்வி நியாயமானது. முறையின் உயிர்நாடி இக்கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

பாலத்தை மையாக்கிய கட்டத்துக்குத் திரும்புவோம். அதற்குச் சற்று முன் ஊர், குளக்கட்டு, ஆலடி, பாடசாலை ஆகிய நான்கும் மையாகிவிட்டன. பென்சிலில் இருந்தவை பாலம் 15, சந்தி 20. பாலத்துக்கு 15 இலும் குறைந்த இரகசிய வழி ஒன்று இருப்பதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வழி எதுவாயினும் ஊரிலிருந்து தொடங்க வேண்டும், பாலத்தில் முடிய வேண்டும். ஊர் மையான இடம், பாலம் மையாகாத இடம். எனவே அந்த வழி எங்கோ ஓரிடத்தில் மையான இடங்களைவிட்டு முதன்முறையாக வெளியே காலை வைத்தாக வேண்டும். அவ்வாறு கால் வைக்கக்கூடிய இடங்கள் பாலமும் சந்தியும் மட்டுமே. பாலத்திலேயே கால் வைத்தால் குறைந்தது 15 ஆகிவிடும். ஏனெனில் மையான இடங்களிலிருந்து பாலத்துக்கு வரும் எல்லாக் கோடுகளையும் பார்த்துத்தான் அந்த 15 ஐ எழுதியிருக்கிறோம். சந்தியிற் கால் வைத்தால் அங்கேயே 20 ஆகிவிடும். அதன்பின் பாலத்துக்குத் திரும்ப இன்னும் நேரம் செல்லும். போன நேரத்தைத் திருப்பித் தரும் வீதி கிடையாது. எனவே 15 இலும் குறைந்த வழி இருக்க முடியாது.

பென்சில் எண்களில் மிகச் சிறியதை மட்டுமே மையாக்கலாம் என்பதன் காரணமும் இதுவே. அந்நேரம் சந்தியின் 20 ஐ மையாக்கியிருந்தால், பாலம் வழியாகச் சந்திக்கு இன்னும் கெதியான வழி வராது என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. இப்படத்தில் அது 22 ஆக வந்தது தற்செயல். பாலத்துக்கும் சந்திக்கும் இடையே 7 க்குப் பதிலாக 4 இருந்திருந்தால் 19 ஆகியிருக்கும்.

இரண்டு இடங்களில் ஒரே சிறிய எண் வந்தால் எதை முதலில் மையாக்கினாலும் சரி. நிமிடக் கணக்கு மாறாது.

சரிபார்த்தல்

முடித்தபின் கணக்குச் சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, மையாக்கிய ஒழுங்கில் எண்களை வாசிப்பது. நமக்குக் கிடைத்தவை 0, 4, 6, 14, 15, 20, 25. இவை ஏறிக்கொண்டே போகவேண்டும், அல்லது சமமாக நிற்கலாம். ஓரிடத்திலேனும் இறங்கினால் ஏதோ ஒரு வட்டத்தை முந்தியே மையாக்கிவிட்டோம், அல்லது கூட்டலிற் பிழைவிட்டோம் என்று பொருள்.

இரண்டாவது, ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் உள்ள மை எண்களின் வித்தியாசத்தைப் பார்ப்பது. அது கோட்டின் எண்ணைத் தாண்டக்கூடாது. பாலம் 15, வைத்தியசாலை 25, வித்தியாசம் 10. கோட்டின் எண் 13. சரி. குளக்கட்டு 4, பாடசாலை 14, வித்தியாசம் 10. கோடு 13. சரி. வைத்தியசாலைக்கு 28 என்று எழுதி நிறுத்தியிருந்தால், சந்தியின் 20 க்கும் அதற்கும் வித்தியாசம் 8 ஆகவும் கோடு 5 ஆகவும் இருந்திருக்கும். பிழை உடனே வெளிப்பட்டுவிடும். கணக்கைச் செய்தவரை விட்டு வேறொருவரிடம் இச்சோதனையைக் கொடுப்பது நல்லது. பதினொரு கழித்தல்களே வேலை.

மழைக்காலத்தில்

பாடசாலையிலிருந்து சந்திக்குப் போகும் துண்டு வயலுக்கு நடுவே போகும் கிறவல் பாதை என்று வைத்துக்கொள்வோம். மாரியில் சேறாகி, 6 நிமிடத்துக்குப் பதிலாக 11 நிமிடம் எடுக்கிறது. முழுக் கணக்கையும் திரும்பச் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. அக்கோட்டை நாம் முதன்முதலிற் பார்த்தது பாடசாலையை மையாக்கியபின். ஆகவே அதுவரை மையான ஊர் 0, குளக்கட்டு 4, ஆலடி 6, பாடசாலை 14 ஆகியவற்றுக்கு எவ்வித மாற்றமும் இல்லை. அங்கிருந்து தொடர்ந்தாற் போதும். சந்திக்கு இப்போது 14 + 11 = 25. அடுத்துப் பாலம் 15 மையாகிறது. அங்கிருந்து சந்திக்கு 22. முன்னர் ஒதுக்கிய அதே 22 இப்போது 25 ஐ வெட்டிவிடுகிறது. வைத்தியசாலைக்குப் பாலத்திலிருந்து 28. பிறகு சந்தி 22 மையாகி, வைத்தியசாலைக்கு 27 கிடைக்கிறது.

மாரிக்கால வழி ஊர், ஆலடி, பாலம், சந்தி, வைத்தியசாலை. 27 நிமிடம். கோடையில் நல்ல வழியான பாடசாலைப் பாதையாற் போனால் மாரியில் 30 நிமிடமாகும். பிரதான வீதியை விட அது மோசம். ஆக, தொடக்கத்தில் விவாதித்த இருவரில் ஒருவர் கோடைக்குச் சரி. மற்றவர் மாரியிலும் முழுமையாகச் சரியல்லர், ஏனெனில் பாலத்திலிருந்து நேரே போகாமற் சந்தியாற் போவது ஒரு நிமிடம் குறைவு.

குழாய் போடுவதற்கு இது பொருந்தாது

இம்முறையைப் பழகியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. பென்சில் எண் என்பது புறப்பட்ட இடத்திலிருந்து வரும் மொத்தம். அதை மறந்து, மையான இடங்களிலிருந்து வெளியே போகும் கோடுகளில் எது மிகச் சிறியது என்று மட்டும் பார்ப்போர் உண்டு. அவ்வாறு செய்தால் குளக்கட்டு மையானதும், ஊர் – ஆலடி 6 ஐ விட்டுக் குளக்கட்டு – ஆலடி 5 ஐ எடுத்துவிடுவோம். இறுதியில் வைத்தியசாலைக்குக் குளக்கட்டு, ஆலடி, பாடசாலை, சந்தி என்று சுற்றிப் போய் 28 கிடைக்கும்.

சுவையான செய்தி என்னவென்றால், அதுவும் பிழையான முறையல்ல, வேறொரு கேள்விக்குச் சரியான முறை. இதே படத்தின் எண்கள் நிமிடங்களல்ல, தண்ணீர்க் குழாய் போடத் தேவையான நூறு மீற்றர்கள் என்று கொள்வோம். ஏழு இடங்களுக்கும் தண்ணீர் போகவேண்டும், குழாய் மிகக் குறைவாகச் செல்லவேண்டும். அப்போது சிறிய கோடாகப் பார்த்துப் பார்த்து இணைக்கும் முறைதான் சரி. 4, 5, 8, 3, 6, 5 என்று ஆறு துண்டுகளில், மொத்தம் 31 நூறு மீற்றரில், ஏழு இடங்களும் இணைந்துவிடும். நமது விரைவு வழிப் படத்தின்படி போட்டால் 4, 6, 8, 9, 6, 5 என 38 ஆகும்.

ஒரு பயணி எவ்வளவு கெதியாகச் சேர்வார் என்பது ஒரு கேள்வி. எல்லா இடங்களையும் எவ்வளவு சிக்கனமாக இணைக்கலாம் என்பது இன்னொரு கேள்வி. பென்சிலை எடுக்குமுன் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தாளின் தலைப்பில் எழுதிக்கொள்வது நன்று.

இம்முறை வந்த வரலாறு

விரைவு வழி காணும் இம்முறையை 1956 இல் வகுத்தவர் நெதர்லாந்து நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1930 இல் றொட்டர்டாமிற் பிறந்த இவர் அப்போது அம்ஸ்டர்டாமிலிருந்த கணித ஆய்வு நிலையத்திற் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கு 'ஆர்மாக்' என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கணிதம் படியாதவருக்கும் கேள்வியும் விடையும் விளங்கவேண்டும். அதற்காக நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட வீதிப் படத்தில் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்குக் குறுகிய வழி எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்.

தம்மை மணக்கவிருந்த பெண்ணுடன் கடைவீதிக்குச் சென்று களைத்து, கோப்பிக் கடை ஒன்றின் முற்றத்தில் இளைப்பாறியபோது ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இம்முறை மனதில் உருவானதாக 2001 இல் அளித்த பேட்டி ஒன்றில் அவர் கூறியிருக்கிறார். கையிற் பென்சிலும் தாளும் இல்லாதபடியால் தவிர்க்கக்கூடிய சிக்கல்களையெல்லாம் தவிர்க்க வேண்டியதாயிற்று என்பது அவரது விளக்கம். 1959 இல் மூன்றே பக்கக் கட்டுரையாக இது அச்சில் வந்தது. அக்கட்டுரையிற் கூறப்பட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று விரைவு வழி. மற்றது நாம் மேலே குழாய்க்குக் கூறிய சிக்கன இணைப்பு. டைக்ஸ்ட்ரா 2002 இற் காலமானார். இணையத்திற் செய்திகள் எந்த வழியாற் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் கருவிகள் பலவற்றில் இம்முறை இன்றும் இயங்குகிறது.

எங்கே செல்லாது?

மை எண் மாறாது என்பதற்கு நாம் கூறிய காரணத்தில் ஒரு வாக்கியம் தாங்குதூணாக நின்றது. போன நேரத்தைத் திருப்பித் தரும் வீதி கிடையாது என்பதே அது. நிமிடத்துக்கும் தூரத்துக்கும் இது எப்போதும் உண்மை. பணக் கணக்குக்கு அப்படியல்ல.

கோட்டின் மேல் செலவை நூறு ரூபாய்களில் எழுதுகிறோம் என்று வைப்போம். பாலத்திலிருந்து பாடசாலைக்குப் போகும்போது மட்டும் ஒருவரின் மூட்டைகளை ஏற்றிப் போனால் எரிபொருட் செலவு கழிய 3 கையில் மிஞ்சுகிறது. அப்போது அத்திசையில் எண் 3 அல்ல, கழித்தல் 3. நமது கணக்கிற் பாடசாலை 14 இல் மையாகிவிட்டது. பிறகு பாலம் 15 இல் மையாகிறது. பாலத்திலிருந்து பாடசாலைக்கு 15 – 3 = 12. மையால் எழுதிய 14 பொய்யாகிவிட்டது. அதைத் திருத்தினாற் சந்தியின் எண்ணையும் வைத்தியசாலையின் எண்ணையும் திருத்தவேண்டும். ஒரு கோட்டிலேனும் கழித்தல் எண் இருந்தால் இம்முறையை நம்பக்கூடாது. அத்தகைய கணக்குக்கு வேறு முறை உண்டு. அதில் எந்த எண்ணையும் இடையில் மையாக்குவதில்லை. மாற்றம் ஒன்றும் வராது என்னும்வரை எல்லாக் கோடுகளையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

சொந்த ஊர்ப் படத்துக்கு

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கோட்டின் மேல் எழுதிய எண் பிழையாயின் விடையும் பிழையே. நமது படத்தில் முதலாம் வழிக்கும் பிரதான வீதிக்கும் வித்தியாசம் 3 நிமிடமே. நிமிடங்களை ஊகித்து எழுதினால் அந்த 3 நிமிடம் ஊகத்திலேயே மறைந்துவிடும். ஒரே வண்டியில், ஆட்கள் ஏறிய நிலையில், கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று தடவை ஓடி அளப்பது அவசியம். ஏற்றத்தில் போவதற்கும் இறக்கத்தில் வருவதற்கும் நேரம் வேறுபட்டால் ஒரு கோட்டுக்குப் பதிலாக அம்புக்குறி இட்ட இரண்டு கோடுகளை வரைந்து, தனித்தனி எண் எழுதலாம். முறையில் மாற்றம் இல்லை. போகும் திசை அம்பை மட்டும் பார்த்துக் கூட்டவேண்டும். பாலத்தடியிற் காத்திருக்க வேண்டிவருமாயின் அந்த நிமிடங்களைப் பாலத்துக்குப் பின்வரும் கோடுகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கோடைக்கு ஒரு தாளும் மாரிக்கு ஒரு தாளும் வேண்டும். ஒவ்வொன்றிலும் வெட்டிய பென்சில் எண்களை அழித்துவிடாமல், வாசிக்கக்கூடியதாக அப்படியே விடுங்கள். ஒரு பாதை மூடப்படும் நாளில் அடுத்த நல்ல வழி எதுவென்று தேடத் தொடங்கும் இடம் அந்த வெட்டுப்பட்ட எண்களிற்தான் இருக்கும்.